கேஷை அழிப்பதா, டேட்டாவை அழிப்பதா?

ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொரு செயலிக்கும் Settings-க்குள் தனிப் பக்கம் உண்டு. Apps பட்டியலில் செயலியின் பெயரைத் தொட்டு, Storage & cache என்ற வரிக்குள் போனால், அந்தச் செயலி பிடித்திருக்கும் இடம் மூன்று கணக்காகத் தெரியும்: செயலியின் அளவு, அதில் சேர்ந்த டேட்டா, கேஷ். அங்கேயே Clear cache, Clear storage என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். சாம்சங் போன்ற சில போன்களில் இரண்டாவதன் பெயர் Clear data. குரோம் போன்ற சில செயலிகளில் அந்த இடத்தில் Manage storage என்று இருக்கும். அதற்குள் போனால்தான் டேட்டாவை அழிக்கும் பொத்தான் வரும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இவை செய்யும் வேலை வேறு வேறு.

கேஷ் என்பது செயலி தன் வசதிக்காகச் சேர்த்து வைக்கும் நகல். செய்திச் செயலி ஒன்றில் பார்த்த படங்கள், கடைச் செயலியில் புரட்டிய பொருள்களின் சிறுபடங்கள், வீடியோவின் பகுதிகள் ஆகியவை மறுபடி தேவைப்படும்போது இணையத்தில் தேடி இறக்காமல் இருப்பதற்காகப் போனிலேயே வைக்கப்படுகின்றன. மூலம் சர்வரில் இருப்பதால் நகலை அழித்தால் இழப்பு எதுவும் இல்லை. அடுத்த முறை திறக்கும்போது செயலி கொஞ்சம் தாமதமாக வரும், சிறிது இணைய டேட்டா செலவாகும், அவ்வளவுதான். லாகின், அமைப்புகள், செய்திகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

டேட்டா என்பது செயலி நினைவில் வைத்துக்கொண்டிருப்பது. யார் லாகின் செய்திருக்கிறார்கள், எந்த மொழி, என்னென்ன அமைப்புகள், பாதி எழுதிய வரைவு, விளையாட்டில் எட்டிய நிலை, ஆஃப்லைனில் பார்க்க இறக்கிய பாடல்களும் வரைபடங்களும் என எல்லாம் இதில் அடங்கும். இதை அழித்தால் கேஷும் சேர்ந்தே போய்விடும். கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றுக்குக் கொடுத்த அனுமதிகளும் ரத்தாகும். செயலி மட்டும் போனிலேயே இருக்கும். ஆனால் அன்றுதான் நிறுவியதுபோல் முதல் திரையிலிருந்து தொடங்கும்.

ஆகவே டேட்டாவை அழிக்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: போகப்போவதற்கு வேறு எங்காவது பிரதி இருக்கிறதா? ஜிமெயிலில் மின்னஞ்சல்கள் கூகுள் சர்வரில் இருக்கின்றன. மறுபடி ஒத்திசைந்தால் வந்துவிடும். கூகுள் மேப்ஸில் சேமித்து வைத்த இடங்கள் கணக்கோடு இருப்பதால் திரும்பும். ஆஃப்லைன் வரைபடங்களைப் புதிதாக இறக்க வேண்டும். டெலிகிராமில் சாதாரண உரையாடல்கள் திரும்பி வரும், ஆனால் ரகசிய உரையாடல்கள் அந்தப் போனில் மட்டுமே இருப்பதால் வராது. யுபிஐ செயலிகளில் வங்கிப் பணத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. சிம் உள்ள போனிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பி எண்ணை மறுபடி உறுதி செய்ய வேண்டியிருக்கும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான எண்களைக் காட்டும் செயலிகளில்தான் மிகுந்த கவனம் தேவை. அவற்றின் ரகசியக் குறிகள் கணக்கோடு ஒத்திசைக்கப்படாமல் போனில் மட்டும் இருந்தால், டேட்டாவை அழித்தவுடன் பல கணக்குகளின் கதவு ஒரே நேரத்தில் மூடிக்கொள்ளும்.

எப்போது எது?

படங்கள் பாதியில் நிற்பது, பழைய பக்கமே திரும்பத் திரும்ப வருவது, புதுப்பித்த பிறகு திரை கோணலாகத் தெரிவது போன்ற கோளாறுகளுக்குக் கெட்டுப்போன நகல் காரணமாக இருக்கலாம். செயலியை Force stop கொடுத்து நிறுத்திவிட்டு, கேஷை அழித்து, மறுபடி திறந்து பார்த்தால் போதும். முதல் தடவை மெதுவாக வந்து, பிறகு சரியாக ஓடினால் கோளாறு அங்கேதான் இருந்தது.

திறந்தவுடன் மூடிக்கொள்வது, லாகின் செய்த மறுநொடியே லாகின் திரைக்குத் திரும்புவது, அமைப்பை மாற்றினாலும் மாறாமல் இருப்பது ஆகியவை டேட்டா பழுதான அறிகுறிகள். அப்போதும் போனை ஒருமுறை அணைத்துப் போட்டு, செயலியைப் புதுப்பித்து, கேஷை அழித்துப் பார்த்த பிறகே டேட்டாவைத் தொட வேண்டும். அதே கோளாறு வீட்டில் இன்னொருவர் போனிலும் அதே நேரத்தில் இருந்தால் பழுது சர்வரில் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தப் போனில் எதை அழித்தாலும் அது தீராது.

இடம் போதவில்லை என்பதற்காகக் கேஷை அழிப்பது தற்காலிகத் தீர்வுதான். செயலியைப் பயன்படுத்தப் பயன்படுத்த அது மறுபடி சேரும். போனில் இடம் குறையும்போது ஆண்ட்ராய்டே கேஷ் கோப்புகளை நீக்கிக்கொள்ளும். தினமும் அழிப்பதால் வேகம் கூடாது. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக இறக்குவதால் குறையவே செய்யும்.

வாட்ஸ்அப்பில் நடப்பது

தவறான பொத்தானை அழுத்தி அதிகம் இழக்க வாய்ப்புள்ள செயலி வாட்ஸ்அப். ஒரு போனில் வாட்ஸ்அப்பின் பக்கத்தில் டேட்டா 4 ஜிபி, கேஷ் 90 எம்பி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேஷை அழித்தால் 90 எம்பிதான் கிடைக்கும். இடம் தேடுபவரின் கை உடனே அடுத்த பொத்தானுக்குப் போகும். ஆனால் அந்த 4 ஜிபியில்தான் உரையாடல்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப் உரையாடல்களை ஜிமெயில்போல் சர்வரில் வைத்திருப்பதில்லை.

இங்கே சரியான வழி செயலிக்குள்ளேயே இருக்கிறது. வாட்ஸ்அப்பின் Settings-இல் Storage and data, அதற்குள் Manage storage என்று போனால், 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளும், பலமுறை பகிரப்பட்டு வந்தவையும் தனித்தனியாகத் திரட்டிக் காட்டப்படும். வேண்டாத வீடியோக்களை அங்கிருந்து நீக்கினால் உரையாடல் ஒரு வரிகூடப் போகாமல் பெரும்பகுதி இடம் மீளும்.

செயலி பழுதாகி, டேட்டாவை அழித்தே ஆக வேண்டும் என்றால், அது திறக்கும் நிலையில் இருக்கும்போதே Chats என்பதற்குள் Chat backup பக்கத்தைப் பார்க்க வேண்டும். கடைசி பேக்கப் எந்தத் தேதி, எந்தக் கூகுள் கணக்கில் என்பது அங்கே தெரியும். தேதி பழையதாக இருந்தால் புதிதாக ஒன்று எடுத்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பின் வந்தவை பேக்கப்பில் இருக்காது. பேக்கப்புக்கு மறையாக்கம் போட்டிருந்தால் அதற்கான கடவுச்சொல்லோ 64 இலக்கக் குறியோ கையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பேக்கப் இருந்தும் திறக்காது. அழித்த பிறகு வாட்ஸ்அப்பைத் திறந்து, போன் எண்ணைக் கொடுத்து, 6 இலக்கக் குறியால் உறுதிசெய்ததும் Restore என்று கேட்கும். அதைத் தவிர்த்துவிட்டு மேலே போனால் உரையாடல் பட்டியல் வெறுமையாகவே தொடங்கும்.

ஐபோனில் இந்த இரண்டு பொத்தான்களும் கிடையாது. Settings-இல் General, iPhone Storage என்று போய்ச் செயலியைத் தொட்டால் வருபவை Offload App, Delete App. முதலாவது செயலியை மட்டும் நீக்கி, அதன் டேட்டாவை வைத்துக்கொள்ளும். இரண்டாவது இரண்டையும் நீக்கும். கேஷை மட்டும் அழிக்கப் பொதுவான வழி இல்லை. செயலியே தன் அமைப்புகளுக்குள் அதற்கு இடம் தந்திருந்தால் உண்டு. எனவே பழுதான செயலியைச் சரிசெய்ய Offload உதவாது, பழுதான டேட்டாவும் அப்படியே தங்கிவிடும். Delete கொடுத்து மறுபடி நிறுவுவதே ஆண்ட்ராய்டில் டேட்டாவை அழிப்பதற்கு இணையானது. பிரதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அதையும் செய்ய வேண்டும்.