மீனா ஆணா, பெண்ணா? அரபிக்குப் போகும் விசிட்டிங் கார்டு

கோயம்புத்தூரிலிருந்து துபாய்க்கு வியாபாரம் பேசப் போகிறவர்கள் பலரும் தங்கள் விசிட்டிங் கார்டைப் போனில் படமெடுத்து, "இதை அரபியில் போட்டுக் கொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். மாதிரிக்கு அப்படி ஒரு கார்டைப் பார்ப்போம். மேலே கம்பெனியின் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. கடைசியில் 'பிரைவேட் லிமிடெட்'. நடுவில் 'இன்ஜினீயர் எஸ். மீனா, டி.ஜி.எம்.' அடியில் போன் நம்பரும் மின்னஞ்சலும்.

இதில் எல்லா வரியையும் ஒரே மாதிரி மொழிபெயர்க்க முடியாது. பெயரை ஒலிப்படி எழுத வேண்டும், பதவியைப் பொருள்படி மாற்ற வேண்டும், மின்னஞ்சலைத் தொடவே கூடாது.

பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. எழுத்து அரபியில் 'ப' ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது. ஆங்கில 'வி' ஒலிக்கும் கிடையாது. அதனால் பாண்டியன் 'பாண்டு' என்பதில் வரும் மெல்லிய 'b' ஒலியோடும், வேலு 'ஃபேலு' என்றும் எழுதப்படுவது வழக்கம். மீனாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. எழுத்துகள் அப்படியே பொருந்தும். ஆனால் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களிடையே 'மீனா' என்பது ஆண் பெயர். அரபியில் பதவிச் சொல்லே ஆண்பால், பெண்பால் காட்டும்: ஆண் பொறியாளர் 'முஹந்திஸ்', பெண் பொறியாளர் 'முஹந்திஸா'. கார்டில் முகம் இல்லை. 'எஸ்' என்ற இனிஷியலும் துப்புத் தராது. கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் மீனா மேடம் அரபியில் ஆணாகிவிடுவார். அவரிடம் ஏற்கெனவே எமிரேட்ஸ் அடையாள அட்டை இருந்தால், அதில் பெயர் அரபியிலும் இருக்கும். அந்த எழுத்துகளையே கார்டிலும் பயன்படுத்துவது நல்லது.

அடுத்தது டி.ஜி.எம். நம் ஊர் அலுவலகங்களில் இது துணைப் பொது மேலாளர்; ஏ.ஜி.எம். என்றால் உதவிப் பொது மேலாளர், ஒரு படி கீழே. அரபியில் 'துணை' என்பதற்கு 'நாஇப்', 'உதவி' என்பதற்கு 'முஸாஇத்'. இரண்டையும் குழப்பினால் பதவி இறங்கிவிடும். ஆங்கிலச் சுருக்கத்தை அப்படியே விட்டால் வாசிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஆகவே விரித்து, பெண்பாலில் 'நாஇபத் அல்-முதீர் அல்-ஆம்' என்று எழுத வேண்டும். வங்கிக் கார்டுகளில் வரும் 'வைஸ் பிரசிடென்ட்' இன்னொரு பொறி. அந்தப் பதவியில் ஒரே வங்கியில் பலர் இருப்பார்கள். 'நாஇப் அர்-ரயீஸ்' என்று மொட்டையாக எழுதினால் தலைவருக்கு அடுத்த ஆள் போலத் தோன்றும். எந்தத் துறை என்பதையும் சேர்ப்பது பாதுகாப்பு.

கம்பெனிப் பெயரில், பொருளுக்குப் போவதற்கு முன் அந்தக் கம்பெனியே தன்னை அரபியில் எப்படி எழுதுகிறது என்று பார்க்க வேண்டும். ஆப்பிள் நிறுவனம் அரபியிலும் ஒலிப்படிதான் எழுதப்படுகிறது. பழத்தின் பெயரான 'துஃப்பாஹ்' அங்கே வராது. ஆனால் எமிரேட்ஸ் விமான நிறுவனம் 'தயரான் அல்-இமாராத்' என்று அறியப்படுகிறது. துபாயில் பதிவான கம்பெனி என்றால் வணிக உரிமத்தில் உள்ள அரபிப் பெயரே இறுதி. நம் மாதிரிக் கம்பெனி இந்தியாவில் பதிவானது. அதன் 'பிரைவேட் லிமிடெட்'டை, எமிரேட்ஸின் எல்.எல்.சி. வடிவத்தைக் குறிக்கும் 'தால், மீம், மீம்' எழுத்துகளாக மாற்றினால், இல்லாத சட்ட வடிவத்தைக் கம்பெனிக்குக் கொடுத்ததாகிவிடும்.

பெரும்பாலும் கவனிக்கப்படாத வரி போன் நம்பர். அரபி வலமிருந்து இடமாக ஓடுகிறது. எண்களோ இடமிருந்து வலமாக. 'ஹாதிஃப்', அதாவது தொலைபேசி, என்ற சொல்லுக்குப் பின் `+91 422` என்று தட்டினால், திரையில் பல சமயம் `422 91+` என்று தொகுதிகள் இடம் மாறி நிற்கும். எண்ணுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத `U+200E` என்ற குறியைச் சேர்த்தால் வரிசை சரியாகும். இந்தப் பிழை கோப்பில் இல்லாமல் அச்சில் மட்டும் தலைகாட்டுவதும் உண்டு. அதனால் அச்சுக்குப் போகும் பிரதியைப் பார்த்தே ஒருமுறை அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்க்க வேண்டும்.

வளைகுடாவிலிருந்து வரும் கார்டின் படத்திலோ எண்களே வேறு உருவத்தில் இருக்கலாம். அங்கே 5 என்பது சிறு வட்டம், பூஜ்யம் வெறும் புள்ளி, 6 நம் 7-ஐப் போல இருக்கும். பளபளப்பான அட்டையில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால் அந்தப் புள்ளி காணாமல் போகும்.

ஆகவே கார்டை அனுப்புகிறவர்கள் ஃபிளாஷ் இல்லாமல் இரண்டு பக்கத்தையும் படமெடுங்கள். பின்பக்கத்தில் ஏற்கெனவே அரபி இருக்கக்கூடும். கூடவே ஆணா பெண்ணா, பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், பதவிச் சுருக்கத்தின் விரிவு என்ன என்று மூன்று வரி எழுதி அனுப்புங்கள்.