ரேட்டிங்கை முடிவு செய்யும் கூட்டம்

ஐ.டி. நிறுவனங்களில் அப்ரைசல் முடிவு வெளியாகும் முன், ஊழியர் யாரையும் அழைக்காமல் மேனேஜர்கள் மட்டும் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று உண்டு. ‘காலிபரேஷன்’ என்பார்கள். உங்கள் மேனேஜர் போட்ட ரேட்டிங் அந்தக் கூட்டம் முடியும்வரை தற்காலிகம்தான்.

ஒரு மேனேஜர் தாராளமாக 4 போடுவார், இன்னொருவர் 3 போடவே யோசிப்பார். யாருக்குக் கீழே வேலை பார்க்கிறோம் என்பதை வைத்துச் சம்பள உயர்வு மாறக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரே கிரேடில் இரண்டு டெஸ்டர்கள். முதலாமவரின் மேனேஜர் தன் எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு 4 கொடுத்திருக்கிறார். மற்றவர் தன் எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் கொடுத்திருக்கிறார். இரண்டு பட்டியலும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

“இவருக்கு ஏன் 4?” என்று ஹெச்.ஆர். கேட்கிறார்.

“ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார் சார். அவ்வளவு ஈடுபாடு.”

“சரி, அதனால ப்ராஜெக்ட்ல என்ன மாறுச்சு?”

அவரால் குறிப்பாக எதையும் சொல்ல முடியவில்லை. இன்னொரு டெஸ்டரோ, இரண்டு நாள் பிடித்த சோதனையை ஆட்டோமேஷன் மூலம் நான்கு மணி நேரத்தில் முடிய வைத்தவர். “அது அவர் வேலைதானே” என்று மேனேஜர் 3 போட்டிருந்தார். அந்த கிரேடுக்கு நிறுவனம் எழுதி வைத்திருக்கும் எதிர்பார்ப்பை எடுத்துப் பார்த்தால், ஆட்டோமேஷன் அடுத்த கிரேடுக்காரர் செய்ய வேண்டிய வேலை. முதலாமவர் 3-க்கு இறங்குகிறார், இரண்டாமவர் 4-க்கு ஏறுகிறார்.

எல்லாக் கூட்டமும் இப்படி நடப்பதில்லை. குரல் உயர்த்திப் பேசும் மேனேஜரின் ஆட்கள் தப்பித்துவிடுவார்கள். பட்டியலின் கடைசிப் பெயர்கள் வரும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இதைவிட மோசம், இத்தனை சதவீதம் பேர்தான் மேலே, இத்தனை பேர் கீழே இருந்தே ஆக வேண்டும் என்ற ஒதுக்கீடு. அது வந்துவிட்டால் ஒப்பிடுவது நின்று பேரம் தொடங்கிவிடும். நன்றாக வேலை செய்த குழுவிலும் யாரையாவது பலி கொடுத்தாக வேண்டும். மைக்ரோசாஃப்ட் இந்த முறையை 2013-இல் கைவிட்டது. ரேட்டிங் மாறும்போது காரணமாக ஒரு வேலையைச் சொல்ல முடிகிறதா, சதவீதத்தைத்தான் சொல்ல முடிகிறதா என்று கேட்டுப் பார்த்தால் நடந்தது எது என்று தெரிந்துவிடும்.

உங்களுக்காக அந்த அறையில் பேசப்போவது உங்கள் மேனேஜர் மட்டுமே. பல நேரங்களில் அவர் கையில் இருப்பது நீங்கள் எழுதிக் கொடுத்த சுயமதிப்பீடுதான். அதில் ‘கடுமையாக உழைத்தேன்’ என்று எழுதாதீர்கள். என்ன செய்தீர்கள், முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று மூன்று வரியில் எழுதுங்கள்.