சாய்த்தால் தெரியும் அழுத்தம்

மருந்துத் தொழிற்சாலையின் தூய்மை அறையில் காற்றழுத்தம் வெளி நடைபாதையைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவைத் திறக்கும்போது தூசி உள்ளே வராது. அந்த வேறுபாடு சுமார் 15 பாஸ்கல். நீர் நிரப்பிய நிமிர்ந்த குழாயில் இது வெறும் 1.5 மில்லிமீட்டர் ஏற்றம். கண்ணால் அதை நம்பி அளக்க முடியாது.

குழாயைச் சாய்த்தால் நிலைமை மாறுகிறது. திரவம் ஏற வேண்டிய செங்குத்து உயரம் அதே 1.5 மி.மீ.தான். ஆனால் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் அந்த உயரத்தை எட்ட அது குழாய் வழியே 15 மி.மீ. நகர வேண்டும். மலைப்பாதை நீள்வது போலத்தான் இதுவும். மறுமுனையில் உள்ள தொட்டி அகலமானது என்பதால் அங்கே மட்டம் இறங்குவது மிகக் குறைவு.

அளக்கும் முன் ரசமட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது முக்கியம். இந்தச் சரிவு ஏறக்குறைய 5.7 பாகை, அதில் ஒரு பாகை பிசகினாலே அளவு சுமார் 17 சதவீதம் தவறிவிடும். பிறகு இரு முனைகளையும் வெளிக்காற்றுக்குத் திறந்து, அளவுகோலைச் சுழியத்தில் நிறுத்த வேண்டும். பார்வை குழாய்க்குச் செங்குத்தாக இருக்க, திரவ வளைவின் ஒரே இடத்தை எப்போதும் படிக்க வேண்டும்.

அளவுகோல் பெரும்பாலும் குறிப்பிட்ட எண்ணெய்க்கென்றே வரையப்பட்டிருக்கும். எண்ணெய் தீர்ந்ததும் தண்ணீரை ஊற்றினால், தண்ணீர் கனமானது என்பதால் அளவு குறைத்தே காட்டும். சரிவை மேலும் குறைத்தாலும் பயன் இல்லை; வளைவு குழாய் நெடுகப் பரந்து, எங்கே படிப்பது என்பதே குழம்பிவிடும்.