பணியாளரின் கைத்தொலைபேசியும் நிறுவனத்தின் பெயரும்: எல்லைக்கோடு எங்கே?

பணியாளர் ஒருவர் தம் கைத்தொலைபேசியில் எதை எழுதலாம், எதைப் படம் பிடிக்கலாம், நிறுவனம் அதில் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்ற கேள்விகளுக்கு இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அண்மைக்காலத்தில் எழுத்து வடிவிலான விடைகள் கிடைத்துள்ளன. மூதூர் போன்ற, பணியாளரும் வாடிக்கையாளரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் ஊர்களில், அந்த விடைகளின் நடைமுறைப் பொருள் தனிக் கவனத்துக்குரியது.

இலங்கை அரச உத்தியோகத்தர்களின் நடத்தையை நெறிப்படுத்தும் தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயம், ஊடகங்களுக்குத் தகவல் வெளியிடும் அதிகாரத்தை நிறுவனத் தலைவர்களுக்கு உரியதாக வைத்திருக்கிறது. 2022 செப்ரெம்பரில் பொது நிருவாக அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, அந்த விதிகளை மீறிச் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவது ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய குற்றம் என நினைவூட்டியது. பத்திரிகையும் வானொலியும் மட்டுமே ஊடகமாக இருந்த காலத்து விதி முகநூலுக்கு நீட்டப்பட்டபோது, உத்தியோகபூர்வத் தகவலை வெளியிடுதலும் தனிமனிதராகக் கருத்துச் சொல்லுதலும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன என்ற விமர்சனம் எழுந்தது.

புலம்பும் உரிமை

தனிமனிதராகக் கருத்துச் சொல்வதற்கான இடத்தைத் தமிழ்நாட்டில் வரையறுத்துக் காட்டியது, 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழங்கிய தீர்ப்பு. தமிழ்நாடு கிராம வங்கியில் பணியாற்றிய தொழிற்சங்கச் செயற்பாட்டாளர் ஒருவர், சக பணியாளர்கள் மட்டும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரிகளின் நடவடிக்கையைக் குறைகூறி எழுதியதற்காக வங்கி அவருக்குக் குற்றக் குறிப்பாணை வழங்கியது. குற்றக் குறிப்பாணை என்பது ஒழுங்கு விசாரணைக்கு முன்னர் குற்றச்சாட்டுகளைத் தெரிவித்து விளக்கம் கேட்கும் ஆவணமாகும். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்துச் செய்ததோடு, நிருவாகத்தின் மீது மனக்குறை கொள்வது இயல்பு என்றும், அதைக் கொட்டித் தீர்க்கப் பணியாளருக்கு உரிமை உண்டு என்றும், நிறுவனத்தின் பெயர் பாதிக்கப்படும் கட்டத்திலேயே நிருவாகம் தலையிடலாம் என்றும் விளக்கினார்.

அதே கிளை 2022இல் வழங்கிய மற்றொரு உத்தரவு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. திருச்சிராப்பள்ளியில் சுகாதாரத் துறையின் கீழுள்ள பணிமனை ஒன்றில், அலுவலகத்துக்குள் சக பணியாளர்களைக் காணொளி எடுத்ததாகக் கூறப்பட்ட கண்காணிப்பாளர் ஒருவரின் பணி இடைநீக்கத்தில் தலையிட நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் மறுத்ததுடன், அலுவலக நேரத்தில் தனிப்பட்ட தேவைக்குக் கைத்தொலைபேசி பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்த விதிகள் வகுக்குமாறு அரசைப் பணித்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, தன் மனக்குறையைத் தனக்குரிய வட்டத்தில் சொல்வது வேறு, பிறரின் முகத்தையும் தகவலையும் அவர்களின் விருப்பமின்றிப் பதிவுசெய்வது வேறு என்பது தெளிவாகிறது.

ஒரு கடன் விண்ணப்பத்தின் பாதை

மூதூரில் கிளை வைத்திருக்கும் ஒரு நுண்நிதி நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். கடன் கேட்ட பெண்ணின் வீட்டுக்குச் செல்லும் கள உத்தியோகத்தர், அவருடைய அடையாள அட்டையையும் வீட்டு முகப்பையும் தம் சொந்தக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக் கிளையின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகிறார். அப்படம் குழுவிலுள்ள ஒவ்வொருவரின் படத்தொகுப்பிலும் தானாகவே சேமிக்கப்படலாம். சிலருடைய கைத்தொலைபேசி அதை இணையச் சேமிப்பகத்துக்கும் ஏற்றிவிடக்கூடும். வேலையை விட்டு விலகியவரைக் குழுவிலிருந்து நீக்கினாலும் படம் அவரிடமே இருக்கும். தனிநபர் தரவைச் சொல்லப்பட்ட நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்திப் பாதுகாக்கும் கடமையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனத்தின் மீதே சுமத்துகிறது. அதன் முழு அமுலாக்கம் தள்ளிப்போனபோதும், திசை மாறவில்லை.

ஆகவே அத்தகைய கிளைக்கான விதி, முகநூலில் என்ன எழுதலாம் என்பதில் தொடங்குவதைவிட, வாடிக்கையாளர் ஆவணம் எந்தக் கருவியில் எடுக்கப்பட வேண்டும் என்பதில் தொடங்குவதே பொருத்தமானது. நிறுவனமே கருவி வழங்க வேண்டும். இயலாதவிடத்து, படம் அனுப்பப்பட்டதும் அழிக்கப்பட வேண்டும், வாட்ஸ்அப்பின் தானியங்கிச் சேமிப்பு நிறுத்தப்பட வேண்டும், விலகும் நாளில் அழிப்பு உறுதிசெய்யப்பட வேண்டும் என்ற நடைமுறை எழுத்தில் இருக்க வேண்டும்.

சோதனைக்கும் வரம்பு

விதி மீறப்பட்டதாகச் சந்தேகம் எழுந்தால், பணியாளரின் கைத்தொலைபேசியை வாங்கிப் பார்க்கலாமா என்ற கேள்வி எஞ்சுகிறது. ருமேனியப் பொறியியலாளர் ஒருவரின் யாகூ செய்திகளை, அவருடைய சகோதரருடனும் வருங்கால மனைவியுடனும் பேசியவை உட்பட, நிறுவனம் 2007இல் கண்காணித்துப் பணிநீக்கம் செய்தபோது, அதில் தனியுரிமை மீறப்பட்டதாக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. அலுவலகக் கணினியில் தனிப்பட்ட பயன்பாடு தடைசெய்யப்பட்டிருந்ததை அவர் அறிந்திருந்தார்; ஆயினும் கண்காணிப்பின் தன்மையும் அளவும் முன்கூட்டியே அவருக்கு அறிவிக்கப்பட்டனவா என்பதையும், குறைவான தலையீட்டுடன் அதே நோக்கத்தை அடைந்திருக்க முடியுமா என்பதையும் உள்நாட்டு நீதிமன்றங்கள் ஆராயவில்லை என்பதே தீர்ப்பின் மையம்.

இந்த அளவுகோல் இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை எனினும், ஒரு கிளை முகாமையாளர் வரையும் விதிக்கு நேரடியாகப் பயன்படும். தடை மட்டும் எழுதி, சோதனையின் எல்லையை எழுதாத ஆவணத்தில் பணியாளர் கையொப்பமிட்டிருந்தாலும், அது அவருடைய சொந்தக் கைத்தொலைபேசியைத் திறக்கும் அனுமதியாகிவிடாது. வாடிக்கையாளரின் ஆவணப் படம் முகநூலில் வெளியானால், அதைக் குழுவில் பகிர்ந்தவர் யார், எப்போது என்ற விசாரணையே பெரும்பாலும் போதும். குடும்ப உரையாடல்களைப் புரட்டிப் பார்க்க வேண்டிய தேவை அதில் எழாது.