முதலில் பஞ்சர் கடை, பிறகு ஷோரூம்

அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. மதுரையில் வீட்டிலிருந்து பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர், நடுவில் ஒரு ரயில்வே மேம்பாலம். புது சைக்கிள் என்றதும் அவன் ஷோரூமுக்குக் கிளம்பினான். நான் அவனைத் தெருமுனை பஞ்சர் கடைக்கு அழைத்துப்போனேன். வாங்கிய பிறகு வண்டியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அந்தக் கடைக்கார அண்ணன்தான். அவர் கடைச் சுவரில் தொங்கும் சாமான்கள் பொருந்துகிற வண்டியாக வாங்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

சுவரில் 26 அங்குல டயர்கள், ரப்பர் பிரேக் கட்டைகள், பிரீவீல்கள் தொங்கின. பையன் டிஸ்க் பிரேக்கைப் பற்றிக் கேட்டான். “அந்தக் கட்டை ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு வடிவம் தம்பி. பழசைக் கழட்டிக் கொண்டாந்தா வரவழைச்சுத் தர்றேன்” என்றார் அண்ணன். வரவழைக்கிற நாட்களில் பையன் பஸ்ஸில் போகவேண்டும். ரிம்மைப் பிடிக்கிற சாதா பிரேக் போதும் என்று அங்கேயே முடிவானது.

டயரிலும் ஒரு பொறி இருக்கிறது. 26 x 1.95, 26 x 1 3/8 இரண்டையும் எல்லோரும் “26 டயர்” என்றுதான் சொல்வார்கள். ஆனால் முதலாவது உட்காருகிற ரிம்மின் விட்டம் 559 மில்லிமீட்டர், இரண்டாவதன் ரிம் 590. ஒன்று மற்றொன்றில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் 50-559 என்பதுபோலச் சிறிதாக அச்சிட்டிருக்கும். அதன் கடைசி மூன்று இலக்கங்களைக் குறித்துக்கொண்டு, அந்த அளவு உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.

கடையில் “26 சைக்கிள்” என்பது சக்கரத்தின் அளவு மட்டுமே. பிரேம் அளவு வேறு. பையனைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்கவைத்து, கால்களுக்கிடையே ஒரு தடித்த புத்தகத்தைச் செருகி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்தேன். 73 சென்டிமீட்டர். இதை 0.57ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 42. இந்த வகை வண்டிக்கு 16 அங்குல பிரேம் சரி. கணக்கைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. வண்டியை நடுவில் வைத்துக் கால்களை அகட்டி நின்றால், மேல் குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி வேண்டும்.

“வளர்ற பையன், பெரிசா எடுங்க” என்றார் அக்கா. சீட்டை வளர வளர உயர்த்தலாம். சீட்டுக் குழாயில் போட்டிருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியாதவரை ஆபத்தில்லை. ஆனால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரத்தை அப்படிக் குறைக்க முடியாது. பிரேம் பெரிதாக இருந்தால் கை எட்டி எட்டித் தோளும் கழுத்தும் வலிக்கும், அவசரத்துக்குக் காலை ஊன்றவும் முடியாது.

பையனுக்கு 21 கியர் வேண்டும், அதாவது முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. கியரில்லாத வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால், பெடலை ஒரு சுற்று மிதிக்க வண்டி சுமார் ஐந்து மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம். சமதளத்தில் பள்ளிக்கும் வேலைக்கும் போக இதுவே போதும். மேம்பாலத்தில்தான் மூச்சு வாங்கும். பின்னால் 28 பல் சக்கரத்துக்கு மாற்றினால் ஒரு சுற்றுக்குச் சுமார் மூன்றேகால் மீட்டர்தான், உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். ஆகவே பின்னால் மட்டும் ஏழு கியர் உள்ள வண்டியை எடுத்தோம். முன்னால் மூன்று இருந்தால் இன்னொரு கேபிள், இன்னொரு லீவர் என்று பழுதாக இரண்டு இடம் கூடும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அங்கே முன்னால் சின்னப் பல்சக்கரம் கட்டாயம் வேண்டும். முன் ஷாக்கையும் வேண்டாமென்றோம். மலிவு விலை வண்டிகளில் அது பாரத்தைத்தான் கூட்டுகிறது.

கியர் வண்டி வாங்குகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டிய சிறு துண்டு ஒன்று இருக்கிறது. கியர் மாற்றும் கருவியைப் பின் சக்கரத்தருகே தாங்கிப் பிடிக்கும் உலோகத் துண்டு, ஹேங்கர் என்பார்கள். வண்டி வலப்பக்கமாக விழுந்தால் முதலில் வளைவது அதுதான். அலுமினிய பிரேம்களில் இதைத் தனியாகக் கழற்றி மாற்றலாம், ஆனால் வடிவம் மாடலுக்கு மாடல் வேறு. வாங்குகிற அன்றே உபரியாக ஒன்று கேட்டு வாங்கி மேசை டிராயரில் போட்டுவைத்தேன்.

மூன்றாவது மாதம், பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் வரிசையாக வண்டிகள் சரிந்தன. அன்று மாலை பையன் வந்து, பெரிய பல்லுக்கு மாற்றினால் ஸ்போக்ஸில் ஏதோ தட்டுகிறது என்றான். அண்ணன் வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். கியர் கை பல்சக்கரத்துக்கு நேராக இல்லாமல் உள்பக்கம் சாய்ந்திருந்தது. “இப்படியே ஓட்டியிருந்தா ஸ்போக்ஸுல மாட்டிச் சக்கரமே போயிருக்கும்” என்றார். டிராயரில் இருந்த துண்டை எடுத்துவரப் பையன் வீட்டுக்கு ஓடினான்.