ஒரே கிரேடு, ஒரே ரேட்டிங், ஒரே அர்த்தமா?

அப்ரைசலில் ஒரு மேனேஜர் போடும் 4-ஐயும் இன்னொருவர் போடும் 4-ஐயும் அப்படியே ஒப்பிட முடியாது. ஒருவருக்கு 4 என்றால் ‘நன்றாகச் செய்தார்’. இன்னொருவரோ அதைக் குழுவில் ஒருவருக்குக் கொடுப்பதற்கே யோசிப்பார். ஸ்கல்லன், மவுன்ட், காஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ரேட்டிங்குகளுக்கு இடையே தெரியும் வேறுபாட்டில் பாதிக்கும் மேல் மதிப்பிடுபவரின் தனிப்பட்ட போக்கிலிருந்தே வருகிறது. இந்த வேறுபாட்டைக் குறைக்க மேனேஜர்கள் ஒன்றாக உட்கார்ந்து ரேட்டிங்குகளைப் பேசிச் சரிபார்க்கும் கூட்டத்துக்குத்தான் கேலிபரேஷன் என்று பெயர்.

கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு மேனேஜரும் தற்காலிக ரேட்டிங்கையும், அதற்கான சான்றை இரண்டு மூன்று வரிகளிலும் எழுதித் தர வேண்டும். இந்த எண்ணை ஊழியரிடம் அப்போது சொல்லிவிடக் கூடாது. சொன்னபின் மேனேஜரால் மனம் மாற முடியாது. எச்.ஆர். எல்லாவற்றையும் கிரேடு வாரியாக ஒரே அட்டவணையில் சேர்க்கிறது. ஒரு கூட்டத்துக்கு ஐந்து முதல் எட்டு மேனேஜர்கள் போதும். அதற்கு மேல் போனால், பேசப்படும் ஊழியரின் வேலையைப் பார்த்தவர்கள் அறையில் குறைந்துவிடுவார்கள்.

முதல் அரை மணி நேரம் அளவுகோலுக்கு. பலரும் நேரில் பார்த்த ஒருவருடைய வேலையை எடுத்துக்கொண்டு, இந்தக் கிரேடில் 3 என்றால் எது, 4 என்றால் எது என்று பேசி முடிவுசெய்ய வேண்டும். அதன்பிறகு இரண்டு ரேட்டிங்குகளின் எல்லையில் நிற்பவர்களை எடுக்கலாம். எல்லோருக்கும் சந்தேகமில்லாத பெயர்களில் நேரம் செலவிடத் தேவையில்லை.

ஓர் உதாரணம். மென்பொருள் நிறுவனம் ஒன்றில், ஒரே கிரேடில் இரண்டு டெஸ்ட் லீடுகள். முதலாமவருக்கு 4: ‘கடும் உழைப்பாளி, சனி ஞாயிறும் வந்தார், கிளையன்ட் பாராட்டினார்.’ இரண்டாமவருக்கு 3: ‘வேலையை நேரத்துக்கு முடித்தார்.’ படித்தால் முதலாமவர்தான் மேல் என்று தோன்றும். கூட்டத்தை நடத்துபவர் இருவருக்கும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: “இவர் இல்லையென்றால் எது நடந்திருக்காது?”

பதில்கள் வேறு கதை சொல்கின்றன. முதலாமவரின் குழு எல்லா ரிலீஸையும் நேரத்துக்குக் கொடுத்தது. ஆனால் சோதனைகளைப் போன ஆண்டைப் போலவே கையால் செய்ததால்தான் வார இறுதியிலும் வர வேண்டியிருந்தது. இரண்டாமவர் சோதனைகளை ஆட்டோமேட் செய்து மூன்று நாள் வேலையை ஒரு நாளாக்கினார். வேறு இரண்டு குழுக்களும் அதை வாங்கிப் பயன்படுத்துகின்றன. தன் குழுவின் வேலையைக் குறையில்லாமல் முடித்தால் 3, வேலை நடக்கும் விதத்தையே மேம்படுத்தினால் 4 என்று முன்பே பேசியிருந்தார்கள். அப்படியானால் இரண்டு எண்களும் இடம் மாற வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: முதலாமவருக்கு ஆட்டோமேட் செய்ய வாய்ப்பே இருந்ததா? கிளையன்ட் தன் சிஸ்டத்தில் வெளி டூல் எதையும் அனுமதிக்காதவராக இருந்தால் இந்த ஒப்பீடு நியாயமில்லை. இங்கே அனுமதி இருந்தது, எண்கள் மாறின. இதோடு விஷயம் முடியவில்லை. இரண்டாம் மேனேஜர் ‘நேரத்துக்கு முடித்தார்’ என்று எழுதிய மற்ற 3-களிலும் இப்படி ஏதாவது மறைந்திருக்கலாம். அவர் தன் பட்டியல் முழுவதையும் திரும்பப் பார்க்க வேண்டும். கூட்டத்தின் உண்மையான பலன் இந்த மறுபார்வைதான்.

கூட்டம் கெட்டுப்போகும் வழிகள் ஏறக்குறைய எல்லா அலுவலகத்திலும் ஒன்றுதான். நன்றாகப் பேசத் தெரிந்த மேனேஜரின் ஆட்கள் மேலே போகிறார்கள். பெரிய அதிகாரி முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். அவர் கடைசியில் பேசுவது நல்லது. “குறைத்தால் ஆள் ராஜினாமா செய்துவிடுவார்” என்ற வாதமும் வரும். அது சம்பளம் பற்றிய கவலை, வேலை பற்றிய சான்று அல்ல.

இன்னொரு தவறு, எல்லோருடைய சராசரியையும் சமமாக்குவது. ஒரு குழு உண்மையிலேயே சிறந்ததாக இருக்கலாம். சராசரி உயர்ந்திருந்தால் காரணம் கேட்கலாம், எண்ணை வெட்டக் கூடாது. ஆறு பேர் குழுவில் பெல் கர்வ் கோட்டாவைத் திணித்தால் யாராவது ஒருவரைக் கடைசி இடத்தில் தள்ளியே தீர வேண்டும். இப்படி வரிசைப்படுத்தும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013-இல் கைவிட்டது.

முடிந்தபின் மாறிய ரேட்டிங்குகளை மட்டும் தனியே பார்க்க வேண்டும். மகப்பேறு விடுப்பில் இருந்தவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், பெண்கள் என ஒரு பிரிவினரே அதிகம் இறங்கியிருந்தால் அந்தப் பெயர்களை மீண்டும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி காரணம் பதிவாக வேண்டும். அந்தக் காரணத்தை ஊழியரிடம் மேனேஜர் தன் வாயால், தன் முடிவாகச் சொல்ல வேண்டும். “நான் 4 கொடுத்தேன், மேலே குறைத்துவிட்டார்கள்” என்று நழுவினால், அடுத்த ஆண்டு என்ன செய்தால் 4 வரும் என்பது ஊழியருக்குத் தெரியாமலே போகும்.