தலைப்பில் நெருப்பு வைத்தால்...

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒருவர் தன் இணையக் கடையில் புதுச் சரக்கை ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘மதுரை சுங்குடிச் சேலை ₹950’ என்று தலைப்பு எழுதுகிறார். சப்பென்று இருக்கிறதே என்று அதற்கு முன்னால் ஒரு நெருப்பு எமோஜியைச் சேர்த்து, சேமிக்கும் பொத்தானை அழுத்துகிறார். பிழை என்று எதுவும் வரவில்லை. ஆனால் கடைப்பக்கத்தைத் திறந்தால் சேலையின் படம் இருக்கிறது, வாங்கும் பொத்தான் இருக்கிறது, தலைப்பு இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. எமோஜியோடு சேர்ந்து சேலையின் பெயரும் விலையும் போய்விட்டன.

நேற்றுவரை தமிழில் ஒழுங்காக இயங்கிய கடை இது. ஒரே ஒரு சின்னப் படம் எப்படி ஒரு வரியையே விழுங்க முடியும்?

விடை, எழுத்துகள் கணினிக்குள் பிடிக்கும் இடத்தில் இருக்கிறது. இணையத்தில் இன்று பெரும்பாலும் புழங்கும் UTF-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழுக்கான யூனிகோட் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ‘கு’ என்பது ககரமும் உகரக் குறியும் சேர்ந்தது என்பதால் அதற்கு 6 பைட். நெருப்பு எமோஜி உட்பட, எமோஜிகளில் பெரும்பாலானவை 4 பைட் கேட்பவை. இந்தக் கடைசி ஒரு பைட்தான் வம்பு. உலகெங்கும் இணையத்தளங்கள் தகவலைச் சேர்த்துவைக்கப் பயன்படுத்தும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் `utf8` என்றொரு அமைப்பு உண்டு. பெயர் அப்படி இருந்தாலும் அது ஒரு குறிக்கு 3 பைட்டுக்கு மேல் ஏற்பதில்லை. நான்காவது பைட்டையும் ஏற்கும் `utf8mb4` என்ற அமைப்பு 2010-இல்தான் அதில் சேர்ந்தது. அதுவே இயல்பான தெரிவாக மாறியது 2018-இல் வந்த 8.0 பதிப்பில். ஏராளமான தமிழ்த் தளங்கள் இயங்கும் வேர்ட்பிரஸ், 2015 ஏப்ரலில் வெளியான 4.2 பதிப்பில்தான் இந்தப் புதிய அமைப்புக்கு மாறியது.

ஆக, பழைய அமைப்பிலேயே நின்றுபோன ஒரு தளத்தில் தமிழ் மூன்று பைட்டுக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். ரூபாய்க் குறியும் அப்படித்தான். உதயகுமார் வடிவமைத்த அந்தக் குறியை 2010 ஜூலையில் இந்திய அரசு ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த யூனிகோட் 6.0 அதற்கு ஓர் எண் கொடுத்தது. எமோஜிகள் மொத்தமாக யூனிகோடுக்குள் நுழைந்ததும் அதே பதிப்பில்தான். ஒன்றாக வந்த இரண்டில் ₹ மூன்று பைட் எல்லைக்குள் விழுந்தது, எமோஜிகளில் பெரும்பகுதி அதைத் தாண்டி விழுந்தது. அதனால்தான் பல ஆண்டுகள் தமிழும் விலையும் சரியாகவே வந்துகொண்டிருந்த தளத்தில், தரவுத்தளம் பழையது என்று உரிமையாளருக்குச் சந்தேகமே எழுவதில்லை. முதல் எமோஜி உள்ளே நுழையும் நாளில்தான் அது வெளிப்படுகிறது.

கண்டிப்பில்லாத நிலையில் ஓடும் பழைய மைஎஸ்க்யூஎல், தனக்குப் புரியாத முதல் பைட்டைக் கண்டதும் அதுவரை வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். எனவே எமோஜி தலைப்பின் முதலில் இருந்தால் முழுத் தலைப்பும் போகும். ‘மதுரை சுங்குடிச் சேலை’ என்பதற்குப் பிறகு இருந்தால் விலை மட்டும் போகும். கடைசியில் இருந்தால் எமோஜி மட்டும் போகும், யாருக்கும் நட்டமில்லை. கண்டிப்பான நிலையில் ஓடும் தளம் இப்படி அறுக்காது. சேமிக்கவே மறுத்து, இதுபோன்ற ஒரு வரியைக் காட்டும்:

```
Incorrect string value: '\xF0\x9F\x94\xA5...' for column 'title'
```

அந்த நான்கு துண்டுகளும் நெருப்பு எமோஜியின் நான்கு பைட்டுகள். எரிச்சலூட்டும் செய்திதான் என்றாலும், சத்தமில்லாமல் அறுப்பதைவிட இது எவ்வளவோ மேல். தளத்தைப் பராமரிப்பவர் முதலில் முழுப் பிரதி எடுத்துக்கொண்டு அட்டவணைகளை `utf8mb4`-க்கு மாற்ற வேண்டும். தளத்துக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பின் அமைப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். இந்த இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மாற்றிய பிறகும் சிக்கல் தீரவில்லையே என்று திகைக்கிறார்கள்.

எல்லாக் கோளாறும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். திரையில் தெரிவதை வைத்தே கோளாறு எங்கே என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். எமோஜி இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் வந்திருந்தால், பெரும்பாலும் அது சேமிக்கும் வழியிலேயே தொலைந்துவிட்டது. அதை மீட்க முடியாது, மறுபடி தட்டச்சுதான். `ðŸ”¥` என்பது போல விசித்திர எழுத்துகள் தெரிந்தால் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, அவற்றைப் படிக்கும் முறைதான் தவறு. தமிழ் எழுத்துகள் `à®` என்று தொடங்கும் குப்பையாகத் தெரிவதும் இதே நோய். படிக்கும் முறையைத் திருத்தினால் மீண்டுவிடும். வெறும் கட்டம் மட்டும் தெரிந்தால் தளத்தின் மீது குற்றமே இல்லை. பார்ப்பவரின் கருவியில் அந்தக் குறிக்கான உருவம் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தை எழுதுபவரால் சரிசெய்யவே முடியாது. அவருடைய புதுப் போனில் அழகாகத் தெரியும் புதிய எமோஜி, பல ஆண்டுகளாக மென்பொருள் புதுப்பிப்பே காணாத போனில் கட்டமாகிவிடும். புதிய கருவியிலும் சில இல்லாமல் போகும். கொடிகள் இதற்கு நல்ல உதாரணம். சிங்கப்பூருக்குப் பார்சல் அனுப்பும் ஒருவர் தலைப்பில் இந்தியக் கொடியையும் சிங்கப்பூர்க் கொடியையும் போட்டால், விண்டோஸ் கணினியில் குரோம் வழியாகப் பார்ப்பவருக்குக் கொடிகளுக்குப் பதில் `IN`, `SG` என்ற எழுத்துகள்தான் தெரியும். கொடி எமோஜி என்பது இரண்டு எழுத்துக் குறிகளின் சேர்க்கை. மைக்ரோசாஃப்ட் தன் எமோஜி எழுத்துருவில் நாட்டுக் கொடிகளை வரையவில்லை.

அழகு கெடுவதோடு முடிந்தால் பரவாயில்லை. பொருளே தலைகீழாகும் இடங்களும் உண்டு. தின்பண்டம் விற்கும் ஒருவர், வேர்க்கடலை சேர்க்கவில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்ல நினைத்து விவரக்குறிப்பில் ‘🚫 வேர்க்கடலை’ என்று எழுதுகிறார். வேறொரு விற்பனைத் தளத்துக்கு அந்த விவரம் போகும்போது அங்குள்ள வடிகட்டி எமோஜிகளைக் களைந்துவிட்டால், மிஞ்சுவது ‘வேர்க்கடலை’ என்ற ஒற்றைச் சொல். இல்லை என்று சொல்ல வந்தது இருக்கிறது என்று ஆகிவிட்டது. இதையே திருப்பி, வேர்க்கடலை உண்டு என்று எச்சரிக்க வெறும் கடலை எமோஜியை மட்டும் வைத்தவருக்கு எச்சரிக்கையே காணாமல் போகும். ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தையின் தாய் அந்த வரியை நம்பித்தான் வாங்குகிறார். உணவு, மருந்து, அளவு, தேதி, ‘கூடாது’, ‘இல்லை’ ஆகியவற்றை எமோஜியிடம் ஒப்படைக்கவே கூடாது. சொல்லால் எழுதிவிட்டு, வேண்டுமானால் பக்கத்தில் குறியையும் வைக்கலாம்.

பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வழியாகத்தான் தலைப்புகளைக் கேட்கிறார்கள். அது எமோஜியை அதன் பெயரால் வாசிக்கும். மூன்று நெருப்பு, இரண்டு கைதட்டல், ஓர் அம்பு என்று தலைப்பு தொடங்கினால், செய்தி என்ன என்று தெரிவதற்கு முன் அத்தனை பெயர்களையும் அவர் கேட்டாக வேண்டியிருக்கும். யூடியூப் தலைப்புகளில் ஆங்கிலச் சொற்களைத் தடிமனாகவும் சுழித்தும் காட்டச் சிலர் பயன்படுத்தும் அலங்கார எழுத்துகள் இன்னும் மோசம். அவை எழுத்துகளே அல்ல, கணிதச் சமன்பாடுகளுக்காக யூனிகோடில் தனியாக ஒதுக்கப்பட்ட குறிகள். ‘𝗦𝗔𝗟𝗘’ என்று கண்ணுக்குத் தெரிவதைச் சில வாசிப்பான்கள் ஒவ்வோர் எழுத்தாகக் கணிதக் குறியின் பெயரோடு உச்சரிக்கும்; சில அப்படியே தாண்டிப் போய்விடும். கேட்பவருக்குத் தள்ளுபடி இருப்பதே தெரியாது.

தளங்களின் விதிகளும் இறுகிக்கொண்டே வருகின்றன. கூகுள் பிளே 2021 செப்டம்பர் முதல் செயலிப் பெயரில் எமோஜியைத் தடுத்து, பெயரை 30 எழுத்துக்குள் சுருக்கியது. கூகுள் விளம்பர வரிகளில் எமோஜி செல்லாது. யூடியூப் எமோஜியை ஏற்கும். ஆனால் தலைப்பிலும் விவரத்திலும் `<`, `>` இரண்டையும் ஏற்காது. கூகுள் தேடலில், பக்கத் தலைப்பில் உள்ள எமோஜியைக் காட்டுவதும் நீக்குவதும் கூகுளின் விருப்பம். அதை நம்பித் தலைப்பு அமைப்பது வீண்.

எமோஜிகளைப் பற்றி இவ்வளவு பேசும்போது, மிகச் சாதாரணமான ஒரு குறி தப்பித்துவிடக் கூடாது. அது நேரான இரட்டை மேற்கோள். தேடலில் காட்டுவதற்காகப் பக்கத்துக்குள் எழுதப்படும் விவரக்குறிப்பு அந்த மேற்கோளுக்குள்தான் அடைபட்டிருக்கும்:

```
<meta name="description" content="மதுரையின் "அசல்" சுங்குடிச் சேலை">
```

எழுதியவர் ‘அசல்’ என்பதை அழுத்திச் சொல்ல நினைத்தார். உலாவியோ இரண்டாவது மேற்கோளைக் கண்டதும் குறிப்பு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது ‘மதுரையின்’ மட்டும். உள்ளே வளைந்த மேற்கோளைப் போட்டாலோ, `&quot;` என்று எழுதினாலோ குறிப்பு முழுதாக நிற்கும். நல்ல தள மென்பொருள்கள் இதைத் தாமே செய்துவிடும். கையால் பக்கம் எழுதுபவர்தான் கவனிக்க வேண்டும்.

எமோஜியே வேண்டாமா என்றால், அப்படியில்லை. சமூக ஊடகப் பதிவில், வீடியோத் தலைப்பின் கடைசியில், 2010-லேயே வந்துவிட்ட பழைய எமோஜி ஒன்றை வைப்பதில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. அது காணாமல் போனாலும் வரி முழுப் பொருளோடு நிற்கும். பொருட்பட்டியல், அரசு அறிவிப்பு, மின்னஞ்சல் வழியாகவும் கோப்பாகவும் பல கை மாறும் விவரங்கள் ஆகியவற்றில் அதைத் தவிர்ப்பதே நல்லது. எங்கும் வைப்பதற்கு முன், எமோஜியை நீக்கிவிட்டு வரியை ஒருமுறை வாய்விட்டு வாசித்தால், அது சொல்லின் வேலையைச் செய்துகொண்டிருந்ததா என்று உடனே தெரிந்துவிடும்.

கல்வெட்டு, பழங்கணக்கு பற்றி எழுதுபவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. முந்திரி எனப்படும் 320-இல் ஒரு பங்கு முதலான பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 2019 மார்ச்சில் யூனிகோட் 12.0-இல் இடம்பெற்றன. அவை மற்றத் தமிழ் எழுத்துகளோடு இல்லாமல் தனிப் பகுதியில், எமோஜிகளைப் போலவே 4 பைட் எல்லையில் இருக்கின்றன. பழைய தரவுத்தளம் அவற்றையும் அறுக்கும். உருவம் இல்லாத போன் அவற்றையும் கட்டமாகத்தான் காட்டும். ஆகவே கட்டுரையின் தலைப்பில் ‘முந்திரி’, ‘மா’, ‘காணி’ என்று சொல்லாகவே எழுதிவிட்டு, குறியின் வடிவத்தை உள்ளே படமாகக் காட்டுவது இப்போதைக்குப் பாதுகாப்பான வழி.